கறிவேப்பிலை மஞ்சளா? முதலில் நுனியைப் பாருங்கள்

கறிவேப்பிலைச் செடியில் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கினால் பெரும்பாலான வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். மஞ்சளான ஈர்க்கு ஒன்றைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு உரக்கடைக்குப் போவார்கள். கடைக்காரர் இலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்ப்பார். "ஏதோ நோய் விழுந்திருக்கு, இதை அடிங்க" என்று ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கிள்ளிக்கொண்டு வந்த ஒற்றை இலையை வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் பாதி விஷயத்தைத்தான் சொல்ல முடியும். அந்த இலை செடியில் எங்கே இருந்தது, அதற்கு மேலே இருக்கிற இலைகள் எப்படி இருக்கின்றன என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. அது வீட்டிலேயே தங்கிவிட்டது.

கீழே மஞ்சள், மேலே பச்சை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தழைச்சத்துப் பற்றாக்குறையை. அதாவது நைட்ரஜன். நோய் வந்தால் இந்த ஒழுங்கு இருக்காது. பூஞ்சாணம் எந்த இலையில் ஈரம் தங்குகிறதோ அங்கே புள்ளி வைக்கும். பூச்சி எங்கே இளசாக இருக்கிறதோ அங்கே உட்காரும். கீழிருந்து மேலாக, வயதான இலையிலிருந்து இளைய இலை நோக்கி, வரிசை தப்பாமல் மஞ்சள் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் அது செடியே செய்யும் வேலை.

ஏன் அப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஓர் இலையில் இருக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதி, சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பச்சையக் கணிகங்களுக்குள் புரதமாக இருக்கிறது. மண்ணிலிருந்து நைட்ரஜன் வருகிற வரைக்கும் எல்லா இலைகளுக்கும் பங்கு போகும். வரத்து குறைந்தால் செடி ஒரு முடிவெடுக்கிறது. நிழலில் கிடக்கும், வயதாகிப்போன அடியிலையைவிட, வெயில் படும் இடத்தில் துளிர்க்கிற நுனிக்குத்தான் முன்னுரிமை. அடியிலையின் புரதங்களை உடைத்து, அவற்றைக் கரையக்கூடிய அமினோ அமிலங்களாக்கி, பட்டையை ஒட்டிய சாற்றுக் குழாய்கள் வழியாக மேலே அனுப்பிவிடுகிறது. சம்பளம் நின்ற வீட்டில் பழைய பாத்திரத்தை விற்றுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டுவது மாதிரிதான் இது.

இந்தப் பிரித்தெடுப்பில் பச்சையமும் சிதைகிறது. பச்சை போனதும் அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. அந்த மஞ்சள் நிறமியான கரோட்டினாய்டில் நைட்ரஜன் கிடையாது. செடிக்கு அதை உடைத்து எடுத்துப்போக அவசரமும் கிடையாது, விட்டுவிடுகிறது. நாம் பார்த்துப் பயப்படும் மஞ்சள், எடுத்தது போக எஞ்சி நின்ற நிறம்.

எல்லாச் சத்தும் இப்படி இடம் மாறாது. இரும்புச்சத்து ஓர் இலையில் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து எளிதில் கிளம்பாது. அதனால் இரும்பு பற்றாக்குறை வந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், புதுத் துளிர்தான் வெளிறும். அதிலும் நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்க, இடையில் மஞ்சளாகும். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணிலும், உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். மக்னீசியம் நைட்ரஜனைப் போலவே இடம் மாறும் சத்து. அதனால் அதுவும் அடியிலையில்தான் காட்டும், ஆனால் அங்கேயும் நரம்பு பச்சையாகத் தங்கும். நைட்ரஜன் பற்றாக்குறையில் நரம்பு, நடு, ஓரம் என்ற பாகுபாடே இருக்காது. இலை முழுவதும் ஒரே சீராக, முதலில் வெளிர்ப்பச்சை, பிறகு எலுமிச்சை மஞ்சள் என்று மாறும். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் புள்ளியோ வளையமோ தென்படாது. கொஞ்ச நாளில் ஈர்க்கைத் தொட்டாலே சிற்றிலைகள் பொலபொலவென்று உதிரும்.

ஒரு மாடித்தோட்டத்துச் செடியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். எங்கள் தெருவில் ஓர் அக்கா மொட்டை மாடியில் 15 அங்குல குரோ பேக்கில் கறிவேப்பிலை வைத்திருக்கிறார். இடுப்பு உயரம், நான்கு கிளை. பையில் பெரும்பாலும் கோகோபீட், கொஞ்சம் செம்மண், நடும்போது போட்ட தொழு உரம். இரண்டு வருடமாக வீட்டுத் தாளிப்பு அதில்தான். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அடியில் இருந்த இலைகள் மஞ்சளாகி விழ ஆரம்பித்தன. கடையில் கொடுத்த பூஞ்சாணக் கொல்லியை அடித்தார். மஞ்சள் ஏறுவது நிற்கவில்லை.

"அக்கா, நுனி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நுனி நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்ன மாதிரி தளதளன்னு வரலை. குட்டி குட்டியா வருது" என்றார்.

பாதி பதில் அதிலேயே இருந்தது. இலையின் பின்பக்கத்தைப் பார்த்தோம்: மாவுப்பூச்சி இல்லை, செதில் பூச்சி இல்லை, கறுப்பாகப் படியும் கரும்பூசணம் இல்லை. புள்ளி இல்லை. நரம்பில் தனியாகப் பச்சை இல்லை. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்தால் லேசான ஈரம். முகர்ந்தால் மண் வாசனைதான், அழுகல் வாடை இல்லை. பையின் அடி ஓட்டைகள் திறந்திருந்தன. சரி, நோயில்லை, நீர் தேங்கவுமில்லை. அப்படியானால் நைட்ரஜன் எங்கே போனது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் போன இடம் தெரியும். கறிவேப்பிலையில் 100 கிராமுக்குச் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆக, 100 கிராம் இலை பறித்தால் கிட்டத்தட்ட 1 கிராம் நைட்ரஜனைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறோம். சாம்பாருக்கு ஓர் ஈர்க்கு, பொரியலுக்கு ஓர் ஈர்க்கு, சட்னிக்கு ஒன்று என்று நாளுக்கு 3 கிராம் பறித்தால் வருடத்துக்கு ஒரு கிலோவைத் தாண்டும். அதாவது வருடத்துக்கு 10 கிராம் நைட்ரஜன் வாணலிக்குப் போகிறது. நிலத்தில் நின்ற மரம் என்றால் வேர் நாலாபக்கமும் போய்த் தேடிக்கொள்ளும். பையில் இருக்கும் செடிக்கு அந்தப் பைதான் உலகம்.

அதிலும் பறிக்கும் முறை ஒன்று இருக்கிறது. நாம் கையெட்டும் இடத்தில் இருக்கும், கரும்பச்சையான, முற்றிய ஈர்க்குகளைத்தான் உருவுவோம். வாசனை அதில்தான் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் செடி நைட்ரஜனைச் சேமித்து வைத்திருப்பதும் அந்த முற்றிய இலைகளில்தான். துளிருக்கு அனுப்புவதற்காக வைத்திருந்த கையிருப்பை நாம் எடுத்துக்கொண்டால், மீதி இருக்கும் அடியிலைகளிடமிருந்து அது இன்னும் சீக்கிரம் உருவுகிறது.

இரண்டாவது வழி தண்ணீர். மண்ணில் செடி எடுத்துக்கொள்ளும் நைட்ரஜனில் பெரும்பகுதி நைட்ரேட் வடிவில் இருக்கும். மண் துகள்களுக்கு எதிர்மின்சுமை, நைட்ரேட்டுக்கும் எதிர்மின்சுமை; ஒன்றையொன்று பிடித்து வைத்துக்கொள்ளாது. பையின் அடியிலிருந்து தண்ணீர் வடிகிறபோதெல்லாம் நைட்ரேட்டும் அதோடு போகிறது. தினமும் காலையில் அடி ஓட்டையில் வடியும் வரை ஊற்றுகிறவர்கள் தினமும் கொஞ்சம் உரத்தைத் தளத்தில் கொட்டுகிறார்கள் என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழை இதை நாலைந்து நாளில் முடித்துவிடும். அக்காவின் செடியில் மழை முடிகிற சமயத்தில் மஞ்சள் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, கோகோபீட். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேருக்குக் காற்று கொடுக்கும், சோறு போடாது. தென்னை நாரில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. அதை மெல்ல மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் நைட்ரஜன் தேவை. அவை வேரைவிடச் சுறுசுறுப்பானவை, கிடைக்கிறதை முதலில் எடுத்துக்கொள்ளும். பிற்பாடு அவை செத்து மடிகிறபோது அது திரும்பி வரும், ஆனால் அதுவரை செடி காத்திருக்க வேண்டும். மக்காத சருகையும் மரத்தூளையும் மண்ணோடு சேர்த்துப் புதைக்கிற வீடுகளிலும் இதே கதைதான். சருகை மண்ணின் மேலே மூடாக்காகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே கலக்கும்போதுதான் போட்டி வருகிறது.

இப்போது வரவு. நடும்போது போட்ட தொழு உரம் இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்வோம். நன்றாக மக்கிய தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு நைட்ரஜன் இருக்கும். இரண்டு கிலோவில் 10 கிராம். அதுவும் முதல் வருடத்திலேயே முழுவதும் கிடைத்துவிடாது. ஆக இரண்டு வருடத்தில் சமையலுக்கு மட்டும் 20 கிராம் போயிருக்கிறது, மழையில் போனது தனி, தண்டும் வேரும் வளரச் செலவானது தனி. வந்ததோ 10 கிராமுக்கும் குறைவு. இந்தச் செடி இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததே பெரிது.

நிலத்தில் பயிரிடுகிறவர்களுக்கு இது புதிய சேதி இல்லை. கோவை மாவட்டத்தில் காரமடைப் பக்கம் கறிவேப்பிலையைத் தோட்டப் பயிராகவே செய்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் ஒரு செடிக்கு வருடத்துக்கு 20 கிலோ தொழு உரத்தோடு 150 கிராம் தழைச்சத்து, 25 கிராம் மணிச்சத்து, 50 கிராம் சாம்பல் சத்து என்று இருக்கிறது. மணிச்சத்தைப்போல் ஆறு மடங்கு தழைச்சத்து. காய்க்கும் பழத்துக்கும் பயிரிடுகிற மற்ற செடிகளின் கணக்கு வேறு. இங்கே விளைச்சலே இலைதான், இலை என்றாலே நைட்ரஜன்தான். அந்த அளவை அப்படியே தொட்டிச் செடிக்குக் கொட்டிவிடக் கூடாது, அது வயலில் நிற்கும் செடிக்கான கணக்கு. ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள்.

அக்காவின் பைக்கு என்ன செய்தோம்? சீக்கிரம் தெரிய வேண்டும் என்பதற்காக முதலில் யூரியா. வழித்தெடுத்த ஒரு தேக்கரண்டி, சுமார் 4 கிராம், இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, முன்பே ஈரமாக இருந்த மண்ணில் தண்டை விட்டுத் தள்ளிச் சுற்றிலும் ஊற்றினோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன், ஆக கொடுத்தது 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் நுனி கருகும்; அதனால்தான் முன்கூட்டி ஈரம். சின்னத் தொட்டியாக இருந்தால் இதில் பாதி போதும். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. அதுவரை இலை பறிப்பது நிறுத்தம், தாளிப்புக்குக் காய்கறிக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அக்காவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

யூரியா வேண்டாம் என்கிறவர்களுக்குக் கடலைப் புண்ணாக்கு இருக்கிறது. அதில் நூற்றுக்கு 7 பங்கு நைட்ரஜன். 25 கிராமை, அதாவது ஒரு சின்னக் கைப்பிடியை, அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, மூன்று லிட்டராகப் பெருக்கி ஊற்றலாம். யூரியா கொடுத்த அளவே கிட்டத்தட்ட இதிலும் கிடைக்கும், ஆனால் மண்ணில் நுண்ணுயிர்கள் உடைத்துத் தர வேண்டும் என்பதால் பத்துப் பதினைந்து நாள் பின்னால் வரும். நாற்றம் வரும், எறும்பு வரும். மாதம் ஒரு முறை இப்படிக் கொடுத்தால் வருடத்துக்கு 300 கிராம் புண்ணாக்கு, அதில் சுமார் 20 கிராம் நைட்ரஜன். பறிக்கும் ஒரு கிலோ இலைக்கும் வடிந்து போவதற்கும் அது போதும். வேப்பம்புண்ணாக்கில் நைட்ரஜன் கொஞ்சம் குறைவு, ஆனால் மெதுவாக விடும். இரண்டையும் கலந்து கொடுக்கிறவர்களும் உண்டு.

புளித்த மோர் பற்றிக் கேட்காத ஆளில்லை. கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றினால் தழைக்கும் என்பது நம் பாட்டிகளின் சொத்து. அதில் உண்மை இருக்கிறது, அளவு குறைவு என்பதுதான் விஷயம். ஒரு லிட்டர் கெட்டித் தயிரில் சுமார் 35 கிராம் புரதம், அதாவது 5 கிராமுக்கு மேல் நைட்ரஜன். அதையே மூன்று பங்கு தண்ணீர் விட்டு மோராக்கினால் ஒரு டம்ளரில் கால் கிராம்தான் மிஞ்சும். கொல்லையில் மரமாக நின்ற செடிக்கு, தினமும் பாத்திரம் கழுவிய மோர்த் தண்ணீர் போய்க்கொண்டே இருந்த காலத்தில், அந்தக் கால் கிராம் சேர்ந்து சேர்ந்து பெரிதாகியிருக்கும். வாரத்துக்கு ஒரு டம்ளர் மோரை மட்டும் நம்பி மொட்டை மாடிப் பையில் ஒரு குடும்பத்துக்கு இலை எடுக்க முடியாது. அரிசி கழுவின தண்ணீரில் இதைவிடவும் குறைவு. ஊற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே உரம் என்று எண்ணிவிட வேண்டாம்.

பலன் எங்கே தெரியும் என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். முழுக்க மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது. அதன் உள்ளிருந்த புரதம் மேலே போயாகிவிட்டது, திரும்பி வருவதற்கில்லை. அது விழத்தான் செய்யும். அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தால் 'உரம் போட்டும் கேட்கவில்லை, நோய்தான்' என்று மறுபடி கடைக்குப் போகத் தோன்றும். பார்க்க வேண்டிய இடம் இரண்டு. வெளிர்ப்பச்சையில் பாதி வழியில் நின்ற நடு இலைகள் மேலும் வெளிறாமல் நிற்கின்றனவா? நுனியில் வரும் புதுத் துளிரின் சிற்றிலை முன்பைவிடப் பெரிதாக வருகிறதா? அக்காவின் செடியில் அடியில் மிஞ்சியிருந்த மஞ்சள் இலைகள் எல்லாம் உதிர்ந்தன. மூன்றாவது வாரத்தில் இரண்டு கிளைகளில் செம்மை கலந்த துளிர் வந்தது. அடுத்து வந்த ஈர்க்குகளில் சிற்றிலைகள் பழைய அளவுக்குத் திரும்பின.

எல்லா மஞ்சளுக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. மிகவும் ஏமாற்றுவது நீர் தேங்கிய செடி. அதிலும் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும், அதுவும் நைட்ரஜன் பற்றாக்குறையே. ஆனால் மண்ணில் நைட்ரஜன் இருந்தும், காற்றில்லாமல் மூச்சு முட்டிய வேரால் அதை எடுக்க முடியவில்லை. இதற்கு உரம் போட்டால் இன்னும் கெடும். தெரிந்துகொள்வது எளிது: மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவண்டு தொங்கும், மஞ்சள் சில நாளிலேயே வேகமாகப் பரவும், மண்ணில் சாக்கடை வாடை அடிக்கும். நைட்ரஜன் மட்டும் குறைந்த செடி துவளாது, வாரக்கணக்கில் நிதானமாகத்தான் மஞ்சளாகும்.

மார்கழி, தை மாதங்களில் கொஞ்சம் மஞ்சளானால் பதற வேண்டியதில்லை. கறிவேப்பிலைக்குக் குளிர் ஆகாது. பெங்களூரு போன்ற இடங்களில் அப்போது வளர்ச்சி நின்று இலை கொட்டுவது வழக்கம். வளராத செடிக்கு உரம் கொடுத்தாலும் எடுக்காது, வடிந்துதான் போகும். மாசியில் துளிர் தெரிந்ததும் கொடுத்தால் போதும். ஒரே ஒரு கிளை மட்டும் மஞ்சளாகி மற்றவை பச்சையாக இருந்தால் அந்தக் கிளையின் அடித்தண்டைப் பாருங்கள். துளையோ, பட்டை உரிந்த இடமோ இருக்கும். சத்துப் பற்றாக்குறை ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து வராது. இலையில் பழுப்புப் புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால் அது உண்மையிலேயே நோய், அப்போது கடைக்காரர் சொல்வது சரி. துளிர் சுருண்டு, அதில் வெள்ளை மெழுகு நூல் மாதிரி ஒட்டியிருந்தால் சாறு உறிஞ்சும் சில்லிடுப் பூச்சி.

தழைச்சத்து அதிகமானாலும் இந்தப் பூச்சிகள்தான் முதலில் வரும். நீர்த்துப்போன, மெலிந்த, பளபளப்பான துளிர் அவற்றுக்கு விருந்து. அக்கா முதல் துளிரைப் பார்த்த உற்சாகத்தில் "இன்னொரு ஸ்பூன் போடட்டுமா தம்பி?" என்று கேட்டார். மூன்று வாரம் ஆகாமல் வேண்டாம் என்றேன். இரண்டாவது முறைக்குப் பிறகு யூரியாவை நிறுத்திவிட்டு மாதம் ஒரு கைப்பிடிப் புண்ணாக்குக்கு மாறிவிட்டார். பறிப்பதிலும் ஒரு மாற்றம்: கீழிருந்து உருவுவதற்குப் பதில், நுனியோடு சேர்த்துக் கிளையை அரை அடிக்கு வெட்டி எடுக்கிறார். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று பக்கக் கிளை கிளம்புகிறது, அடியிலையில் இருக்கும் கையிருப்பு அவற்றுக்குப் போகிறது. வாங்கி வைத்த பூஞ்சாணக் கொல்லியில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. அதை அடித்த நாளுக்கும் இலை பறித்துக் குழம்பில் போட்ட நாளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டார் என்று கேட்டேன். "மறுநாளே போட்டுட்டேனே" என்றார். இலையைத் தின்கிற செடிக்கு மருந்து அடிப்பதாக இருந்தால், பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் காத்திருப்பு நாட்களை முதலில் படித்துவிட வேண்டும்.